ரெண்டு சைஸ் பெருசா, அளவாவா? வளர்ற பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து எடுக்கிற கணக்கு

டிசம்பர் கடைசிக் கிழமை திருகோணமலை ரவுணுக்குள்ள போனாத் தெரியும், சப்பாத்துக் கடையள்ல நிக்க இடமிருக்காது, வெளியில மழை ஊத்தும், உள்ளுக்கு ஒவ்வொரு அம்மாவும் குந்தியிருந்து பிள்ளையின்ட சப்பாத்து நுனியைக் கட்டைவிரலால அமத்திப் பாத்துக்கொண்டிருப்பினம். நானும் அப்பிடித்தான் பாத்தன். கடைக்காரத் தம்பி சொன்னார், "அக்கா, வளர்ற பிள்ளைதானே, ரெண்டு சைஸ் கூட எடுங்கோ, வருசம் முழுக்கப் போடலாம்" எண்டு. வீட்டில மாமியும் அதையேதான் சொல்லி விட்டவ. ஒரு சோடி 3,000 ரூபா எண்டு வைச்சாலும் ரெண்டு பிள்ளைக்கு 6,000, கொப்பி, பை, சட்டை தைக்கிற கூலி எல்லாம் அதே மாசத்திலதான் வரும், அதால பெரிய சைஸை எடுத்திட்டு வந்தன்.

அந்தச் சப்பாத்து சரிவரேல்ல. மகன் அப்ப முதலாம் வகுப்புக்குப் போகப்போற வயசு, நான் எடுத்தது 13ஆம் சைஸ். ஜனவரி முழுக்கக் குதியில கொப்புளம், ரெண்டு சொக்ஸ் போட்டு அனுப்பினன், நுனியில பஞ்சு வைச்சன், ஒண்டும் சரிவரேல்ல. இல்ல விளையாட்டுப் போட்டிக்கு அணிநடை பழகேக்க ரெண்டு தரம் முகங்குப்புற விழுந்து வந்தார். கவனமில்லாமல் ஓடுறார் எண்டு நான்தான் பேசினன், இப்ப நினைக்க மனம் நோகுது.

செப்டம்பரில என்ட மச்சாள் வந்தவ, அவ பிசியோதெரபி செய்யிறவ. பிள்ளை நடக்கிறதைப் பாத்திட்டு சப்பாத்தைக் கழட்டச் சொல்லி உள்ளுக்கு இருந்த அட்டையை வெளியில எடுத்து அதுக்கு மேல பிள்ளையை நிக்க வைச்சா. ஒன்பது மாசம் போட்ட பிறகும் விரலுக்கு முன்னால 18 மில்லிமீற்றர் சும்மா கிடந்தது. மற்றப்பக்கம் சப்பாத்தைப் பிரட்டிப் பாத்தா, அடிப்பக்கம் குதியில தேஞ்சு உள்ளுக்கு இருக்கிற துணி தெரியுது, பக்கத்தில றப்பர் விட்டுப் போச்சு. அதாவது அந்தச் சப்பாத்து என்ட பிள்ளைக்கு அளவா வர்ற நாள் வரமுன்னமே அதின்ட ஆயுள் முடிஞ்சிட்டுது. நான் காசு குடுத்து வாங்கின அந்த "வளர்ற இடம்" ஒரு நாளும் பாவனைக்கு வரேல்ல, பிள்ளை மட்டும் ஒன்பது மாசம் அளவில்லாத சப்பாத்தோட நடந்தார்.

இதைத்தான் எல்லாரும் முதல்ல யோசிக்கவேணும். ஆறு ஏழு வயசுப் பிள்ளையின்ட பாதம் சராசரியா மாசத்துக்கு ஒரு மில்லிமீற்றர், சில வேளை அதைவிடக் கொஞ்சம் குறைய வளரும். ஒரே சீரா வளராது, ரெண்டு மாசம் சும்மா நிண்டிட்டு ஒரேயடியா நாலு மில்லிமீற்றரும் போகும், ஆனா வருசக் கணக்குக்கு எட்டிலயிருந்து பன்ரெண்டு மில்லிமீற்றர் எண்டு வைச்சுக்கொள்ளலாம். நாங்கள் வாங்கிற இங்கிலீஷ் சைஸ்ல ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் இடையில ஒரு அங்குலத்தில மூண்டில ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய எட்டரை மில்லிமீற்றர். அப்ப ஒரு சைஸ் எண்டது அநேகமா ஒரு வருச வளர்ச்சி. ரெண்டு சைஸ் கூட எடுக்கிறது ரெண்டு வருச வளர்ச்சியை முன்கூட்டி வாங்கிறது மாதிரி. ஓடித்திரியிற ஒரு பொடியன்ட சப்பாத்து எங்கட மண்ணிலயும் தார் றோட்டிலயும் ரெண்டு வருசம் தாங்குமா? என்ட வீட்டில எட்டு ஒன்பது மாசத்துக்கு மேல ஒண்டும் தாங்கினதில்லை.

சின்னப் பிள்ளையளின்ட சைஸ் 13 வரைக்கும் போய், அதுக்குப் பிறகு திரும்ப 1 எண்டு தொடங்கும், 13க்கும் 1க்கும் இடையிலயும் அதே எட்டரை மில்லிமீற்றர்தான். 13இலயிருந்து 1 எண்டோன்ன பெரியாக்களின்ட சைஸுக்குப் பாஞ்சிட்டுது எண்டு பயந்து இறுக்கமான 13ஐயே எடுத்திட்டுப் போன ஆக்களை எனக்குத் தெரியும்.

சரி, அப்ப இடமே விடாமல் அச்சொட்டா எடுக்கிறதா எண்டு கேட்டா, அது இதைவிட மோசம். நடக்கேக்க உடம்புப் பாரம் விழுந்து பாதம் கொஞ்சம் நீளும், அதோட ஒவ்வொரு அடிக்கும் சப்பாத்துக்குள்ள முன்னுக்குப் போகும். இந்த ரெண்டுக்குமே முன்னால இடம் வேணும், இது வளர்ச்சிக்கு விடுற இடமில்லை, நடக்கிறதுக்கே வேண்டிய இடம். அஞ்சு ஆறு மில்லிமீற்றருக்குக் கீழ போனா விரல் நுனி முட்டத் தொடங்கும். 2009இல வந்த ஒரு ஆஸ்திரிய ஆய்வில 800க்கு மேற்பட்ட சின்னப் பிள்ளையளை அளந்து பாத்ததில, நீளம் காணாத சப்பாத்துப் போட்ட பிள்ளையளுக்குப் பெருவிரல் மற்ற விரல்களின்ட பக்கம் சாயிறது கூடவா இருந்தது. பிள்ளையின்ட பாத எலும்பு முத்திறதுக்குப் பதின்ம வயசு வரைக்கும் எடுக்கும், அதுவரைக்கும் அமத்தினா அமத்தின பக்கம் வளையும். இதில பெரிய சிக்கல் என்னெண்டா சின்னப் பிள்ளையள் சப்பாத்து காணாது எண்டு வாயால சொல்லமாட்டினம். விரலை மடிச்சு உள்ளுக்கு வைச்சுக்கொண்டு "ஓம் அம்மா நல்லாயிருக்கு" எண்டு சொல்லுவினம், அதுவும் தனக்குப் பிடிச்ச சப்பாத்தா இருந்தாச் சொல்லவே வேண்டாம்.

அதாலதான் அந்தக் கட்டைவிரலால அமத்திப் பாக்கிற முறையை நான் விட்டிட்டன். அமத்தேக்க பிள்ளை தன்னையறியாமல் விரலை இழுத்துக்கொள்ளும், எங்களுக்கு இடமிருக்கிற மாதிரித் தெரியும். பள்ளிக்கூடச் சப்பாத்தின்ட நுனி பல இடத்தில கட்டியா இருக்கும், உள்ளுக்கு விரல் எங்க நிக்குதெண்டு வெளியில தெரியவும் தெரியாது.

இடைப்பட்ட வழிதான் சரி. வாங்கிற அண்டைக்கு விரலுக்கு முன்னால ஏறக்குறைய 12 மில்லிமீற்றர் இருக்கவேணும், நல்லாக் கட்டிப் பிடிக்கிற சப்பாத்தா இருந்தா 15, 16 வரைக்கும் போகலாம், அதுக்கு மேல வேண்டாம். இதை வீட்டிலயே அளந்துகொண்டு கடைக்குப் போறதுதான் நல்லது.

அளக்கிறது ஒரு பெரிய வேலையில்லை. பின்னேரத்தில அளவுங்கோ, பகல் முழுக்க ஓடித்திரிஞ்ச பிறகு பாதம் கொஞ்சம் ஊதியிருக்கும், இஞ்சத்தைய வெக்கைக்கு அது இன்னும் கூட. சீமெந்து நிலத்தில ஒரு தாளைச் சுவரோட ஒட்டிப் போட்டு, பிள்ளையின்ட குதி சுவரில முட்ட ரெண்டு காலிலயும் பாரம் போட்டு நிக்க விடுங்கோ, இருந்துகொண்டு அளந்தாச் சரிவராது. ஒரு தடிச்ச புத்தகத்தை நேரா நிமித்தி விரல் நுனியோட முட்ட வைச்சு அந்த இடத்தில பென்சிலால கோடு போடுங்கோ. எல்லாருக்கும் பெருவிரல் நீளமில்லை, கனபேருக்கு ரெண்டாவது விரல்தான் முன்னுக்கு நிக்கும், எது நீளமோ அதுக்குத்தான் கோடு. பிறகு அடிமட்டத்தால மில்லிமீற்றர்ல அளந்து மற்றக் காலையும் அளவுங்கோ, ரெண்டு காலும் அநேகமா ஒரே அளவா இராது, பெரிய காலுக்குத்தான் சப்பாத்து எடுக்கவேணும்.

இனி அந்த அளவோட 12 மில்லிமீற்றரைக் கூட்டி, பால்மா பெட்டி மட்டையோ எதுவோ மெல்லிசா ஆனா விறைப்பா இருக்கிறதில ஒரு விரல் அகலத்துக்கு ஒரு பட்டி வெட்டி எடுங்கோ. அதைக் கடைக்குக் கொண்டு போய் சப்பாத்துக்குள்ள நுனி வரைக்கும் விட்டுப் பாக்கவேணும். வளையாமல் படுத்திருந்தா நீளம் காணும். வளைஞ்சுதெண்டா சைஸ் காணாது, அட்டையை மடக்கிப் போட்டு "சரி சரி" எண்டு எடுக்காதேங்கோ. பட்டி உள்ளுக்குப் போய் முன்னும் பின்னும் அஞ்சு மில்லிமீற்றருக்கு மேல ஆடினா, அந்தச் சப்பாத்து பெருசு. இதில இருக்கிற நன்மை, பிள்ளை அழுதாலும் விரலை மடிச்சாலும் பட்டி பொய் சொல்லாது, சனம் நெருக்கிற கடையில பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாமலே முதல் தெரிவைச் செய்யலாம். ஆனா கடைசியாப் போட்டுப் பாக்கிறதுக்குப் பிள்ளை வரத்தான் வேணும், அகலம் பட்டியில தெரியாது. வீட்டில வெறுங்காலோடயும் செருப்போடயும் திரியிற எங்கட பிள்ளையளுக்கு முன்பாதம் நல்லா விரிஞ்சிருக்கும், ஒடுக்கமான சப்பாத்துக்குள்ள நீளம் காணும், சின்னவிரல் நசியும்.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வாறன். எவ்வளவு இடம் விடலாம் எண்டது பிள்ளையின்ட வளர்ச்சியில மட்டும் இல்லை, சப்பாத்து பாதத்தை எந்த இடத்தில பிடிக்குது எண்டதிலயும் இருக்கு. முன்னுக்கு இருக்கிற இடம் வெறும் இடமா இருக்கவேணும் எண்டா, பாதம் பின்னால குதியோட ஒட்டி நிக்கவேணும். அதைப் பிடிச்சு நிப்பாட்டுறது பாதத்தின்ட மேடு, அதாவது லேஸ் கட்டுற இடம். அங்க பிடி இல்லாட்டி பாதம் ஒவ்வொரு அடிக்கும் முன்னுக்குச் சறுக்கும், நீங்கள் விட்ட இடம் முழுக்கக் குதிக்குப் பின்னால போயிடும், விரல் போய் நுனியில இடிக்கும். பெரிய சப்பாத்துப் போட்ட பிள்ளைக்கும் பெருவிரல் நகம் கறுக்கிறது இதாலதான், அதைப் பாத்து சப்பாத்து சின்னன் எண்டு நினைச்சு இன்னும் பெருசு வாங்கிற ஆக்களும் இருக்கினம்.

அதோட சப்பாத்துக்கு மடியிற இடம் ஒண்டு இருக்கு. முன்பாதத்தில, பெருவிரலின்ட அடி முட்டு இருக்கிற இடத்தில பாதம் மடியும், சப்பாத்தும் அதே இடத்தில மடியிற மாதிரித்தான் செய்திருப்பினம். ரெண்டு சைஸ் பெருசா எடுத்தா சப்பாத்து மடியிற இடம் பிள்ளையின்ட பாதம் மடியிற இடத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் முன்னால போயிடும். பாதம் ஒரு இடத்தில மடியப் பாக்க, சப்பாத்து இன்னொரு இடத்தில மடியப் பாக்க, பிள்ளை காலைத் தூக்கி வைக்காமல் இழுத்து நடக்கும், நுனி நிலத்தில தட்டும், விழும். என்ட மகன் அணிநடையில விழுந்தது இதாலதான் எண்டு மச்சாள் சப்பாத்தைக் கையில வளைச்சுக் காட்டினா, அது மடிஞ்ச சுருக்கம் விரல் நுனிக்குக் கிட்ட கிடந்தது. நீங்களும் பழைய சப்பாத்தை எடுத்து அந்தச் சுருக்கம் எங்க விழுந்திருக்கெண்டு பாருங்கோ, விரல் மடியிற முட்டுக்கு நேர இருந்தா அளவு சரியா இருந்திருக்கு.

இதை வைச்சுத்தான் எந்த மாதிரிச் சப்பாத்து எண்டு தெரியவேணும். லேஸ் கட்டுற சப்பாத்துத்தான் வளர்ச்சிக்கு இடம் விட ஏற்றது, கன்வஸா இருந்தாலும் தோலா இருந்தாலும் சரி, மேல இறுக்கி எடுத்தா 15, 16 மில்லிமீற்றர் இடத்தோடயும் குதி நழுவாது. கட்டேக்க பிள்ளையை இருத்தி, குதியைப் பின்னால ரெண்டு தட்டுத் தட்டி, பாதம் பின்னுக்குப் போன பிறகு கடைசி ஓட்டை வரைக்கும் கோத்துக் கட்டவேணும். லேஸை விட்டிட்டுச் செருப்பு மாதிரிக் காலை நுழைச்சுக் கழட்டிற பழக்கம் வந்திட்டா லேஸ் இருந்தும் பிரயோசனமில்லை. முதலாம் ரெண்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தானே முடிச்சுப் போடத் தெரியாட்டி அகலமான பட்டி வைச்ச வெல்க்ரோ சப்பாத்து எடுக்கலாம், அதில 12க்கு மேல போகாதேங்கோ. வெல்க்ரோவில மண்ணும் சொக்ஸ் நூலும் சேந்தா நாலைஞ்சு மாசத்தில பிடி போயிடும், கடற்கரை மண்ணில விளையாடுற பிள்ளையெண்டா இன்னும் வெள்ளன, பழைய பல் தூரிகையால கிழமைக்கொருக்கா உரசிவிட்டாக் கொஞ்சம் கூட நாள் வரும்.

பொம்பிளைப் பிள்ளையளின்ட வெள்ளைச் சப்பாத்தில, முன்பக்கம் திறந்து மேல ஒரே ஒரு மெல்லிய பட்டி மட்டும் வைச்சது இருக்கெல்லோ, அது பாக்க வடிவு, ஆனா பிடி குறைவு. பட்டியே இல்லாமல் சும்மா நுழைக்கிறதெண்டா பிடி இல்லவே இல்லை, அது காலில நிக்கிறது இறுக்கத்தால மட்டும்தான், அதால அதில வளர்ற இடம் விடவே ஏலாது. இடம் விட்டாக் கழண்டு விழும், இடம் விடாட்டி விரலை நசுக்கும். வளர்ற வயசுப் பிள்ளைக்கு அந்தச் சாதியை நான் எடுக்கமாட்டன், பள்ளிக்கூடம் லேஸ் வைச்ச வெள்ளைச் சப்பாத்துக்கு ஓம் எண்டா அதுதான் நல்லது.

போன டிசம்பர்ல நான் செய்ததைச் சொல்லுறன். மகன்ட இடது கால் 192, வலது கால் 195. 195ஓட 12ஐக் கூட்டி 207க்கு ஒரு பட்டி வெட்டினன், ரெண்டாவதா இன்னும் நீளமா ஒண்டை வெட்டி அதில மில்லிமீற்றர் கோடு போட்டன். கடையில லேஸ் வைச்ச கன்வஸ்ல 12ஆம் சைஸ் உள்நீளம் 202 வந்தது, அதில இடம் 7 மில்லிமீற்றர்தான், ரெண்டு மாசத்தில முட்டத் தொடங்கும், அதை வைச்சிட்டன். அதே கன்வஸ்ல 13 எடுத்தன், 211, இடம் 16. கடைக்காரர் காட்டின 1ஆம் சைஸ் 219, இடம் 24. அடுத்த கடையில வேற சாதி வெல்க்ரோச் சப்பாத்து, அதுவும் 13 எண்டுதான் அடிச்சிருந்தது, ஆனா உள்நீளம் 207, பட்டி அச்சொட்டாப் படுத்தது. ஒரே 13, ரெண்டு கடையில நாலு மில்லிமீற்றர் வித்தியாசம், அதாவது கிட்டத்தட்ட ஒரு தவணை வளர்ச்சி. அதாலதான் "என்ட பிள்ளைக்கு 13" எண்டு சொல்லித் தம்பியிட்டயோ மாமாவிட்டயோ வாங்கி வரச்சொல்லிக் காசு குடுத்து விடுறது சரிவராது எண்டு சொல்லுறன்.

தெரிவு அப்ப ரெண்டு. 207 உள்ள வெல்க்ரோ, இண்டைக்கு அச்சொட்டான 12 மில்லிமீற்றர், மாசத்துக்கு ஒண்டு எண்டு குறைஞ்சாலும் ஆறு மாசத்தில ஆறுக்கு வந்திடும், ரெண்டாந் தவணைக்குள்ளயே அடுத்தது வாங்கவேணும். 211 உள்ள கன்வஸ், இண்டைக்கு 16, கொஞ்சம் கூடத்தான், ஆனா லேஸ் இருக்கு, பத்து மாசம் போகும். கன்வஸைப் போட்டு லேஸ் கட்டி, கடைக்குள்ளயே கதவடி வரைக்கும் நடக்கவிட்டு பின்னாலயிருந்து குதியைப் பாத்தன். மயிரிழை நழுவிச்சுது. அதுக்கு ரெண்டு மில்லிமீற்றர் தடிப்பில ஒரு மேலதிக உள்அட்டை வாங்கி அடியில போட்டன், பாதம் கொஞ்சம் மேல எழும்ப லேஸ் நல்லாப் பிடிச்சுது, குதி ஆடேல்ல. அந்த அட்டையை ஏப்ரல் லீவில எடுத்தன்.

பஞ்சு வைக்கிறதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு. பஞ்சு விரலுக்கு எண்டு விட்ட இடத்தை நிரப்பிப்போட்டு குதியைச் சும்மா விட்டிடும், வேர்வையும் மழைத்தண்ணியும் குடிச்சு நாத்தம் வேற. மெல்லிய அட்டை உயரத்தைக் குறைச்சு மேட்டில பிடியைக் கூட்டுது, விரலுக்கு முன்னால இருக்கிற இடத்தில கை வைக்கிறதில்லை. ஆனா தடிச்ச அட்டை வேண்டாம், குதி மேல எழும்பிச் சப்பாத்தின்ட பின்பக்கத்தை விட்டு வெளியில வந்திடும்.

காசுக் கணக்குக்கு வந்தா, மாமி கேட்டா, "வருசத்துக்கு ரெண்டு சோடியோ?" எண்டு. நான் சொன்னன், மாமி, முந்தின வருசம் எடுத்த பெரிய சப்பாத்தும் செப்டம்பரோட முடிஞ்சிட்டுதுதானே, கடைசித் தவணைக்கு வேற ஒண்டு வாங்கினனாங்கள்தானே, அப்பவும் ரெண்டுதான் எண்டு. சப்பாத்தின்ட ஆயுளுக்கு மேல வளர்ற இடம் வாங்கிறதில மிச்சம் ஒண்டும் இல்லை. விலை கூடின ஒரு சோடியை எடுத்தா நிண்டுபிடிக்கும் எண்டு சொல்லுவினம், நிண்டுபிடிக்கும்தான், ஆனா ஒரு வருசத்துக்குள்ள கால் அதைவிட்டு வெளியில வந்திடும். வளர்ச்சி குறைஞ்ச பதினாலு பதினைஞ்சு வயசில அது சரி, ஏழு வயசில நடுத்தர விலையில அளவானதை எடுத்து, தேவைப்பட்டா ஓகஸ்ட் லீவில மாத்திறதுதான் எனக்குச் சரியாப் படுது. சப்பாத்து வவுச்சர் கிடைக்கிற பாடசாலையில பிள்ளை படிக்கிறதெண்டா அதை மாத்தப் போகேக்கயும் பட்டியைக் கொண்டு போங்கோ, கிடைக்கிற ஒரு தரத்தில அளவானதை எடுக்கவேணும்.

அண்ணன்ட சப்பாத்து தம்பிக்கு எண்டது எங்கட வீடுகள்ல வழமை. ஒரு தவணைக்குக் குறையப் போட்டதெண்டா நான் வேண்டாமெண்டு சொல்லமாட்டன், ஆனா முதல்ல அதை மேசையில வைச்சுப் பின்னாலயிருந்து பாருங்கோ, ஒரு பக்கம் சாஞ்சு நிண்டா அடி ஒருபக்கமாத் தேஞ்சிருக்கு, அது அண்ணன்ட நடை, தம்பியும் அதிலேயே சாஞ்சு நடப்பார். அதை எடுக்காதேங்கோ.

மழையைப் பற்றியும் ஒண்டு சொல்லவேணும், ஏனெண்டா எங்களுக்கு ஜனவரியில பள்ளிக்கூடம் தொடங்கேக்க மாரி முடிஞ்சிருக்காது. கன்வஸ் நனைஞ்சா நனைஞ்சதுதான். திரும்பத் திரும்ப நனைஞ்சு காய, அடியில ஒட்டின அட்டையின்ட பசை விட்டு, அது சுருண்டு நுனிப்பக்கம் ஒரு மடிப்பாப் போய் நிக்கும். வெளியில பாத்தா அதே சப்பாத்து, உள்ளுக்கு நாலைஞ்சு மில்லிமீற்றர் போயிடும். திடீரெண்டு கால் நோகுது எண்டு பிள்ளை சொன்னா முதல்ல கையை உள்ளுக்கு விட்டுத் தடவிப் பாருங்கோ. நனைஞ்சு வந்த அண்டைக்கே லேஸைத் தளத்தி, நாக்கை வெளியில இழுத்து, பேப்பரைக் கசக்கி உள்ளுக்கு அடைஞ்சு விட்டா விடிய அரைவாசிக்கு மேல காஞ்சிடும், அடுப்படியில சூடு காட்டினாப் பசை இன்னும் வெள்ளனக் கழரும்.

வாங்கின பிறகு ஒவ்வொரு தவணை லீவிலயும் ஒருக்கா அளக்கவேணும். உள்அட்டை கழட்டக்கூடியதெண்டா அதை எடுத்து மேல நிக்க வைச்சுப் பாத்தாப் போதும், அதில விரல் பதிஞ்ச அடையாளமும் இருக்கும். விரல் அடையாளம் அட்டையின்ட விளிம்பில ஏறியிருந்தா நேரம் முடிஞ்சுது. கழட்ட ஏலாட்டி பழைய மாதிரி மட்டைப் பட்டி. முன்னால இருக்கிற இடம் ஆறு மில்லிமீற்றருக்கு வந்திட்டா அடுத்ததைத் தேடத் தொடங்கலாம். அளக்காத நாள்ல பின்னேரம் சொக்ஸைக் கழட்டேக்க காலைப் பாருங்கோ. விரலின்ட மேல்பக்கம், சின்னவிரல் பக்கம் சிவப்பு அரை மணித்தியாலத்துக்கு மேல மாறாமல் நிண்டா ஒடுக்கம் அல்லது கட்டை. குதியில சிவப்பு அல்லது கொப்புளம், சொக்ஸ் குதியில ஓட்டை விழுதெண்டா பிடி காணாது. புதுச் சப்பாத்து கடிக்கும், போகப்போகச் சரிவரும் எண்டு எங்கட ஆக்கள் சொல்லுறதை நான் இப்ப ஏற்கிறதில்லை, அளவான கன்வஸ் முதல் நாளே கடிக்காது.

இந்த ஓகஸ்ட் லீவில மகனை அதே சுவரோட நிக்க வைச்சு அளந்தன், வலது கால் 202. எட்டு மாசத்தில ஏழு மில்லிமீற்றர். 211 உள்ள சப்பாத்தில இன்னும் 9 கிடக்குது, மடிஞ்ச சுருக்கம் விரல் முட்டுக்கு நேர விழுந்திருக்கு, கொப்புளம் ஒரு நாளும் வரேல்ல. அடிப்பக்கம் குதியில தேஞ்சு இன்னும் ரெண்டு மூண்டு மாசம் தாங்கும் போல இருக்கு. தங்கச்சிக்காரியின்ட பட்டியையும் வெட்டி வைச்சிட்டன், அவவுக்கு வலது கால் 171, பட்டி 183, பேரும் திகதியும் எழுதி ரெண்டையும் அலுமாரிக் கதவின்ட உள்பக்கம் ஒட்டியிருக்கிறன்.